கொல்லைக் கதவு திறந்திருக்கிறது

பாபநாசத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தஹ்மீனாவின் வீடு இருந்தது. கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. கணவன் உபைதுல்லா ஷார்ஜாவில். வீட்டில் அவளும் அவளைப் பெற்ற அத்தா அப்துல் வஹாபும் மட்டும்தான். நாற்பது வருடம் நெல் லாரி ஓட்டியவர். உடம்பில் ஒரு குறையும் இல்லை. நினைவுதான் ஓரங்களிலிருந்து உதிரத் தொடங்கியிருந்தது. காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி தட்டோடு உட்காருவார். தன் லாரியை எங்கே நிறுத்தினோம் என்று கேட்பார்.

உபைதுல்லா ஊருக்கு வந்திருந்தபோது, அவள் வேலைக்குப் போன பிறகு அவரைக் கண்காணிக்க ஒரு ஏற்பாடு செய்தான். வாசல், கொல்லை இரண்டு கதவுகளிலும் காந்தத்தோடு சிறு சென்சார். கதவு விலகினால், கூடத்தில் இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹப் என்ற சிறு கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரியும். அது இருவரின் போனுக்கும் சொல்லும். கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு கேமரா. ஏதாவது அசைந்தால் அதுவும் சொல்லும். கரண்ட் போனாலும் வேலை செய்யும்படி எல்லாம் இன்வெர்ட்டரில் இருந்தது.

முதல் வாரமே அது தொல்லையாகிவிட்டது. கொல்லையின் இடது பக்கம் வாழை வரிசை. காற்றில் இலை ஆடினால் அறிவிப்பு. மேகம் விலகி வெயில் விழுந்தால் அறிவிப்பு. பக்கத்து வீட்டு ராசம்மாளின் ஆடு வேலிக்குள் தலை நீட்டினால் அறிவிப்பு. பழைய மரக்கதவு காற்றில் அசைந்தால், தாழ்ப்பாள் போட்டிருந்தும் காந்தம் விலகி, திறந்துவிட்டதாகச் செய்தி வரும். ரத்தம் எடுக்கும்போது பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஷார்ஜாவில் உபைதுல்லாவும் பதறி அழைப்பான். இப்படியே போனால் நிஜமாக ஒன்று நடக்கும் நாளில் யாரும் பார்க்கமாட்டோம் என்று இருவருக்கும் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் திருத்தினாள். ஆடும் காக்கையும் வேண்டாம், ஆள் தெரிந்தால் மட்டும் சொன்னால் போதும் என்று கேமராவில் வைத்தாள். படத்தில் வாழை இருந்த இடது பாதியை விரலால் கோடிழுத்து, அங்கே எது அசைந்தாலும் கணக்கில்லை என்று விலக்கினாள். கடைசியாக ஹப்பில் ஒரு விதி: கொல்லைக் கதவு திறந்து, ஒரு நிமிடத்துக்குள் கேமராவில் ஆளும் தெரிந்தால் மட்டுமே அறிவிப்பு.

போன் அடங்கியது. உபைதுல்லா நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்னான். பங்குனியும் சித்திரையும் அந்த அமைதியில் கழிந்தன.

வைகாசிக் கடைசியில் துணி துவைக்கும்போது, அத்தாவின் கைலி ஓரத்தில் நாயுருவி ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். வீட்டைச் சுற்றி எங்கும் அந்தச் செடி கிடையாது. வெளியே போனீங்களா என்று கேட்டதற்கு, அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு இல்லை என்றார். மறுநாள் குதிகாலில் ஒரு முள்.

அன்று மாலை ஹப்பின் வரலாற்றைத் திறந்தாள். அறிவிப்பு அனுப்பாவிட்டாலும் நடந்ததை அது எழுதி வைத்திருந்தது. அவள் வேலைக்குப் போன நாளெல்லாம் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கை ஒட்டிக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. அரை மணிக்கு மேல் திறந்தே கிடந்து, பிறகு மூடியிருந்தது. காற்று அப்படிச் செய்யாது. அந்த நேரங்களில் கேமராவில் ஒரு படம்கூட இல்லை.

கேமராவின் கண்ணில் படாமல் யாரோ வீட்டுக்குள் வந்துபோகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பீரோவைப் பார்த்தாள். எதுவும் கலையவில்லை. அத்தா வாசலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பயமாக இருந்தது.

விலக்கி வைத்த இடது பாதியை மறுபடி சேர்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். மதியம் போன் அதிர்ந்தது. வாழைகளுக்கு நடுவே ஒரு முதுகு. தோளில் துண்டு. அத்தா. கேமராவுக்கு நேர் கீழே இருந்த கதவடி அதற்குத் தெரியாது. சுவரோரமாகத் திரும்பினால் அவள் விலக்கிய பகுதிக்குள்தான் பாதை. அது வாய்க்கால் படித்துறைக்குப் போகிறது.

ராசம்மாளைப் போனில் அழைத்துப் பார்க்கச் சொன்னாள். திரும்ப அழைத்த ராசம்மாளின் குரல் தணிந்திருந்தது.

"காஞ்ச வாய்க்கால்ல உக்காந்துட்டு, மண்ணை அள்ளி அள்ளிக் கை கால் கழுவுறாரும்மா. தொழுகைக்கு ஒளு செய்யிறேங்கிறாரு. தண்ணி இருக்குன்னே நெனைக்கிறாரு."

அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள் தஹ்மீனா. பரிசோதனைக் கூடத்து டிவியில், கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சில நாளில் அது அந்த வாய்க்காலுக்கும் வந்துவிடும்.

கதவுக்குப் பூட்டுப் போடலாம் என்றான் உபைதுல்லா. கேஸ் கசிந்தாலோ தீப்பிடித்தாலோ அவர் எப்படி வெளியே வருவார் என்று அவள் மறுத்தாள். லீவு கேட்டாள், அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்றார்கள். பழைய விதியைக் கலைத்துப் புதிதாக ஒன்று வைத்தாள். கதவு பத்து நொடி திறந்தே இருந்தால், கேமரா என்ன சொன்னாலும், சத்தமான அறிவிப்பு வரவேண்டும். காற்றில் அசையும் கதவு அதற்குள் மூடிக்கொள்ளும். அத்தாவிடம் வாய்க்கால் பக்கம் போகாதீங்க என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். சரிம்மா என்றார். அவர் மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அந்த ஒலி வந்தது. ஒரு பெண்ணின் கையில் ஊசியைச் செருகப் போனவள் அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். முதலில் ராசம்மாளை அழைத்தாள். வயலில் நாற்றங்காலுக்கு வரப்பு கட்டிக்கொண்டிருந்த ராசம்மாள், தண்ணி நம்ம மதகு வரைக்கும் வந்துடுச்சே என்று சொல்லிக்கொண்டே ஓடத் தொடங்கியது மூச்சிரைப்பில் கேட்டது.

பிறகு கேமராவைத் திறந்தாள். அத்தா வாழை ஓரத்தில் போய்க்கொண்டிருந்தார். கேமராவில் பேசும் வசதி இருந்தது. அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"அத்தா, நில்லுங்க. போகாதீங்க."

அவர் நின்றார். திரும்பினார். வீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், யாரும் இல்லை. சுவர்தான் பேசியது. அவர் முகம் சின்னப் பையனின் முகம்போல் கோணியது. இரண்டடி எடுத்து வைத்து வீட்டை நோக்கி வந்தார். அவள் மறுபடி கூப்பிட்டாள். நெட் இழுத்து, அவள் குரல் தாமதமாக, உடைந்து உடைந்து கேட்டது. அவர் பயந்து பின்வாங்கினார். பிறகு வேகமாக வாய்க்கால் பக்கம் நடந்து படத்திலிருந்து மறைந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ராசம்மாள்தான் சொன்னாள். நுரையும் சருகும் சுமந்து புதுத்தண்ணீர் பழுப்பாக வந்துகொண்டிருந்தது. அவர் கடைசிப் படியில் குனிந்திருந்தார். முழங்கால் வரை ஏறிய தண்ணீர் துண்டை இழுத்துக்கொண்டு போனது. அதைப் பிடிக்க அவர் கை நீட்டினார். ராசம்மாள் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து, இருவருமாகப் படியில் விழுந்தார்கள். அவள் முழங்கை பெயர்ந்தது. அவர் சுவரின் குரலைக் கேட்டுத் தயங்கி நின்றிராவிட்டால் தான் வந்து சேர்ந்திருக்க முடியாது என்றாள் ராசம்மாள்.

தஹ்மீனா வேலையை அரை நாளாக்கிக்கொண்டாள். மதியத்தில் வீட்டில் இருந்தாள். அத்தா குழாயடியிலேயே ஒளு செய்தார். வாய்க்காலை மறந்துவிட்டார்.

ஆனால் குரலை மறக்கவில்லை. சாப்பிடும்போது ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "அம்மா கொல்லையில நின்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் போகாம வந்துட்டேன்."

அவருடைய அம்மா இறந்து ஐம்பது வருடம் ஆகிறது. கூப்பிட்டது நான்தான் அத்தா என்று அவள் சொன்னாள். போனைக் காட்டினாள். அவர் தலையாட்டினார், நம்பவில்லை.

மறுநாள் காலை அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது ஒலி வந்தது. கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. கேமராவைத் திறந்தாள். அத்தா எங்கும் போகவில்லை. கொல்லையில் நின்று, கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவள் விரல் பேசும் பொத்தானுக்கு மேலே நின்றது. பேசினால் நாளையும் வருவார். பேசாவிட்டால், கூப்பிடும் அம்மாவைத் தேடி எங்கே போவார் என்று தெரியாது.