கூடுதலாய் ஓர் எழுத்து

ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் நான் எழுத்து எண்ணினேன். மற்ற பிள்ளைகள் பாகூர் ஏரியில் தண்ணீர் வற்றிய பக்கம் கிரிக்கெட் ஆடினார்கள். எனக்கு ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டையும், அம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பாயும் கிடைத்தன. அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

அம்மா அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுப்புண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம் என நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுக்கச் சொன்னாள். அவளுடைய தாத்தாவுக்கு அப்பா ஏரிக்கரை அம்மன்மேல் பாடிய அந்தாதி அது. முப்பது பாட்டு. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டு சுற்றி வந்து முதல் பாட்டிலேயே சேர்ந்துவிடும். பாடியவர் ஏர் ஓட்டியவர். யாரிடம் இலக்கணம் படித்தாரோ தெரியாது, நூற்றுக்கு எண்பது பங்கு சரியாக இருந்தது, இருபது பங்கு தடுக்கியது. பிறகு அதைப் பார்த்து எழுதியவர்கள் தங்கள் பங்குக்கும் தப்பு சேர்த்திருந்தார்கள். அதைச் சரிசெய்து புத்தகமாக அச்சடித்துக் கையில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். அவளுக்கு இருந்த நாட்களுக்குள் அது முடியுமா என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் கவலை. அது தெரியாத ஒரே ஆள் நான்.

பாட்டின் கணக்கை அம்மா எனக்கு ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தாள். கட்டளைக் கலித்துறை என்று பெயர். நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ண வேண்டும். அடி ‘நேர்’ என்ற அசையில் தொடங்கினால் பதினாறு எழுத்து, ‘நிரை’யில் தொடங்கினால் பதினேழு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் பாட்டின் முதல் அடி இது:

ஏரியின் மேற்கரை காத்திடும் தாயே எனக்கிரங்காய்

எழுத்துக்கு ஒன்றாகப் பாயில் கொட்டையை வைத்தேன். சரியாகப் பதினாறு. அந்த நிமிஷமே கவிதை என்பது புளியங்கொட்டை சமாசாரம் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அம்மா விடவில்லை. இன்னொரு பாட்டில் ‘ஆடிடும் மஞ்ஞை அகவிடும் சோலையை ஆள்பவளே’ என்று வந்தது. மஞ்ஞை என்றால் மயில், இப்போது யாருக்கும் புரியாது, மாற்ற வேண்டும் என்றாள். மயில் என்றே போடலாமே, இரண்டும் இரண்டு எழுத்துதானே என்று கொட்டையைக் காட்டினேன்.

“எண்ணிக்க சரிடி. வாய்விட்டுப் படி பாப்பம்.”

படித்தேன். ஆடிடும் மயில் அகவிடும். நாக்கு எங்கோ கல்லில் இடித்துக்கொண்டது.

“தெரியுதா? தள தட்டுது. மஞ்ஞைன்னா ரெண்டு அடி வெச்சு நடக்குது. மயிலு ஒரே தாண்டா தாண்டிடுது.”

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு ‘தோகை’ என்றாள். ஆடிடும் தோகை அகவிடும் சோலையை ஆள்பவளே. வழுக்கிக்கொண்டு போயிற்று. அன்றைக்கு அவள் முகத்தில் வலி ஒரு கால்மணி நேரம் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அவள் கறார். ஓர் அடியில் ‘கும்பிடுகின்ற எங்கள்’ என்று இரண்டு எழுத்து கூடுதலாக இருந்தது. ‘கூழினை ஊற்றியே கும்பிடும் எங்கள் குலவிளக்கே’ என்று அவருடைய சொல்லையே குறுக்கிப் பதினாறுக்குக் கொண்டுவந்தாள். அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்தில் இருந்தார். வில்லியனூர் அச்சகத்துக்கு அலைவதெல்லாம் அவர் வேலை.

“இன்னாக்கா, சாமி பாட்டுல போயி கூழுன்னு. பாலினைன்னு போட்டா கௌரவமா இருக்கும்ல. எழுத்தும் அதே மூணுதான்.”

“அந்த மனுசன் ஊத்துனது கூழுடா. அவரு வூட்ல பாலு ஏது? தப்ப எடுக்கலாம், ஆள எடுக்கக் கூடாது.”

கூழ் இருந்துவிட்டது.

அம்மாவால் அதிக நேரம் பேனா பிடிக்க முடியாது. அவள் சொல்லச் சொல்ல ஓரங்களில் நான் குறித்துக்கொள்வேன். எல்லாம் முடிந்ததும் அதைப் பார்த்து அச்சகத்துக்குச் சுத்தப் பிரதி எழுதுவது அப்பாவின் பொறுப்பு. அப்பா கரும்பும் நெல்லும் பயிர் வைக்கிறவர். யாப்புக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் ஓர் அடித்தல் இருக்காது.

அப்படிப்பட்டவர் அந்த அந்தாதியில் தடுமாறினார். முதல் பிரதியில் டீ கொட்டிவிட்டது என்றார். இரண்டாவதை நான் எண்ணினேன். ‘காத்திடும் என் தாயே’ என்று எழுதியிருந்தார். பாயில் ஒரு கொட்டை மிஞ்சியது.

“எம்மா, அப்பா தப்பா எழுதிட்டாரு!”

கூவிக்கொண்டு ஓடினேன். அப்பா தலையைச் சொறிந்தார்.

“ஆமா பாரேன். இன்னாமோ ஞாபகம். இன்னொருவாட்டி எழுதிடறேன்.”

சுத்தப் பிரதியில் அடித்தல் கூடாது என்று, ஓர் எழுத்துக்காக முப்பது பாட்டையும் முதலிலிருந்து எழுதினார். அதற்கு நாலு நாள். அடுத்ததில் ‘காத்திடும் தாயே’ சரியாக இருந்தது, வேறோர் இடத்தில் ‘நீ’ நுழைந்திருந்தது. அதற்கடுத்ததில் ‘தாயே தாயே’ என்று இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் நான் கண்டுபிடித்தேன், ஒவ்வொரு முறையும் நடுக்கூடத்தில் நின்று அறிவித்தேன். அம்மா ஒருமுறைகூட அவரைக் கோபிக்கவில்லை. ஒரு நாள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“உங்கப்பா கைக்குக் கூட்டத்தான் தெரியும். கொறைக்கத் தெரியாது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று தெரியாது. முதுகுதான் தெரிந்தது.

ஐந்தாவது பிரதி எழுதி முடித்தபோது அம்மா கஞ்சியையும் நிறுத்தியிருந்தாள். கரும்பு வெட்டுக்கு ஆள் வந்திருந்ததால் அப்பா கழனிக்குப் போயிருந்தார். மாமா பைக்கில் வந்து வாசலிலேயே நின்றார். இன்றைக்குக் கொடுத்தால்தான் அடுத்த வாரம் புத்தகம் வரும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்களாம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைக் கவிழ்த்தேன். நூற்றிருபது அடி. மாமா வாசலில் மூன்று சிகரெட் பிடிக்கிற நேரம் ஆனது. மூன்று இடத்தில் எழுத்து கூடுதலாக இருந்தது. திரும்ப எழுதவெல்லாம் நேரமில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றையும் அடித்துவிட்டுப் பிரதியை மாமாவிடம் கொடுத்தேன். அம்மா கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். அந்தக் கையில் கனமே இல்லை.

மத்தியானம் அப்பா வந்தார். மேசை காலியாக இருப்பதைப் பார்த்தார்.

“எங்கடி நான் எழுதுனது?”

“மாமாகிட்ட குடுத்துட்டேன்பா. மூணு தப்பு இருந்திச்சி. நானே அடிச்சிட்டேன்!”

அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. கை மட்டும் மேலே போனது.

“உன்ன யாரு தொடச் சொன்னது? யாரு சொன்னது?”

கட்டிலிலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்:

“வுடுங்க. சரியாதான் எண்ணியிருக்கா. போதும்ங்க.”

கரும்புச் சோகை கிழித்த கையோடு அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபமான கோபம். உதவி செய்தவளுக்கு இந்த வீட்டில் மரியாதை இல்லை என்று தோட்டத்தில் போய் அழுதேன்.

புத்தகம் எட்டாம் நாள் வந்தது. மஞ்சள் அட்டை. அம்மாவால் அதைத் தூக்க முடியவில்லை, மார்பின்மேல் வைத்தோம். முதல் பாட்டைப் படிக்கச் சொன்னாள். நான் படிக்க, போர்வையின்மேல் அவள் விரல் சீருக்குச் சீர் தட்டியது. இரண்டாவது பாட்டில் விரல் நின்றுவிட்டது, தூங்கிவிட்டாள். மூன்று நாள் கழித்து, அது தூக்கமாகவே முடிந்தது.

புத்தகத்தை முடித்துக் கொடுத்து அம்மாவின் சாவையும் நான்தான் வரவழைத்தேன் என்று பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை என்று இப்போது தெரியும். நோய்க்கு எழுத்து எண்ணத் தெரியாது. தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அப்பாவின் பெட்டியை நகர்த்தியபோது, அடியில் அந்தாதியின் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. டீ கொட்டியதாகச் சொன்ன முதல் பிரதி. அதில் ஒரு கறையும் இல்லை. தரையில் உட்கார்ந்து நூற்றிருபது அடியையும் விரல்விட்டு எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தன் கருமாதிக்கு வருகிறவர்களுக்கு டம்ளர், தட்டு என்று எதுவும் கொடுக்கவேண்டாம், இந்தப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். எதற்காக எழுதுகிறோம் என்று தெரிந்துதான் அந்த மனிதர் ஐந்து முறை எழுதினார். எனக்கு அது கருமாதி அன்று காலையில்தான் தெரியும். அட்டையைத் திருப்பினால் உள்ளே இருந்த அம்மாவின் படம் எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் புத்தகம் கொடுத்தேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் சொன்னேன், எழுத்தெல்லாம் நான் எண்ணியது, ஒரு தப்புகூட இருக்காது என்று. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அவரிடமும் ஒரு புத்தகத்தை நீட்டினேன்.

“ஒரு எழுத்துகூட ஜாஸ்தி இல்லப்பா.”

அவர் முதல் பக்கத்தைத் திறந்து, ‘காத்திடும்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“ஆமாம்மா. ஒண்ணுகூட இல்ல.”

என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, நான் அடுத்த ஆளிடம் ஓடினேன்.