இரண்டு விநாடி

இப்போது மீஞ்சூர்ப் பக்கம் ஓர் ஆலையின் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எந்த அளவை எழுதினாலும் பக்கத்தில் ஒரு ± போட்டு, இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று எழுதியாக வேண்டும். அந்தக் குறியை எழுதும்போதெல்லாம் கல்லூரி முதல் வருட லேபில் எனக்கு ஜோடியாக இருந்தவள் ஞாபகத்துக்கு வருகிறாள். வந்ததும் கொஞ்சம் கூசுகிறது.

நான் ஏரிக்கரைத் தோணிரேவுக்காரி, வீட்டில் ஏரியில் மீன்பிடித் தொழில். அவள் உள்ளே தள்ளி நெல் விளைகிற ஊர்க்காரி. இரண்டு பேரும் ஒரே பஸ், ஒரே டேபிள். அவள் எதற்கும் நிதானம், எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தனி ஊசல் சோதனையில் நான் அலைவுகளை எண்ணினேன், அவள் ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். நூலின் நீளம் குண்டின் நடுவரை சரியாக ஒரு மீட்டர், பிழை இரண்டு மில்லிமீட்டர். இருபது அலைவுக்கான நேரத்தை ஐந்து முறை எடுத்தோம். ஐந்தும் 38.2 விநாடியை ஒட்டியே வந்தன, முன்னே பின்னே 0.1 விநாடிதான். எனக்கு ஒரே பெருமை.

பிழைக் கணக்கையும் நானே போட்டேன். நீளத்தில் 0.2 சதவீதம். நேரத்தில் கால் சதவீதம். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டிய புவியீர்ப்பு முடுக்கமான ஜி-யின் வாய்பாட்டில் நேரம் வர்க்கத்தில் வருவதால் அது இரட்டித்து அரை. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மூலம் எடுத்தேன். ஜி 10.82, பிழை 0.06.

சார் நோட்டைப் பார்த்தார். உண்மையில் 9.78 வரவேண்டியது, நாங்கள் எழுதிய பிழையைப் போலப் பதினேழு மடங்கு தள்ளி நிற்கிறது என்றார். பிழையை 1.1 என்று மாற்றி எழுதிவிட்டால் சரியாகிவிடுமா என்று பக்கத்து டேபிள் பையன் கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார். காரணம் கண்டுபிடித்து மறுபடி எடுக்காவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாவிட்டால் இரண்டு பேருமே பிராக்டிகல் பரீட்சை எழுத முடியாது.

யோசிக்காமல் வாயை விட்டேன். "வாட்ச் அவதான் சார் புடிச்சா."

அன்று திரும்பும்போது அவள் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

நானும் முறுக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தேன். அவள் கை எவ்வளவு தப்பு செய்திருக்கிறது என்று எண்ணிக்கையில் காட்டிவிட வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். ஜி பதினொரு சதவீதம் கூடுதல். அப்படியானால் நேரம் அதில் பாதி, ஐந்தரை சதவீதம் குறைச்சல். முப்பத்தெட்டு விநாடியில் அது இரண்டு விநாடி. ஸ்டாப்வாட்ச் அழுத்துவதில் ஐந்து முறையும் யாரும் இரண்டு விநாடி பிந்த மாட்டார்கள், முந்தவும் மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப எடுத்துக்கொண்டது சரியாக இரண்டு விநாடி.

ஒரு அலைவையே காணோம். எண்ணியது நான்.

எங்கள் வீட்டில் கூடையிலிருந்து மடவையை எண்ணிப் போடும்போது ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. மீனுக்கு அது சரி, கையில் ஒரு மீன் வந்துவிட்டதே. ஊசலுக்கும் அப்படியே எண்ணியிருக்கிறேன். அவள் வாட்சைத் தட்டிய நொடியில், ஒரு அலைவுகூட முடியாதபோதே, லாபம் என்றிருக்கிறேன். இருபது என்று நான் சொன்னபோது முடிந்திருந்தது பத்தொன்பதுதான். அவள் வீட்டிலும் மரக்காலில் நெல் அளந்து லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அதனால் அவள் காதுக்கும் உறுத்தவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் இறங்கிப் போயிருந்தாள்.

மறுநாள் எனக்கு முன்பே அவள் லேபில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. ராத்திரி வெகுநேரம் போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாளாம். "என் கை ஸ்லோதான்டீ. நீ வேற யாரையாவது புடிக்க சொல்லு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. லாபம் கதையைச் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் காசு கொடுத்து வாங்க முடியாது.

இந்த முறை சைபர் என்று தொடங்கினேன். வாட்ச் அவள் கையில்தான். 40.2 விநாடி. ஜி 9.77, பிழை 0.05.

என்னம்மா மாத்தினீங்க என்று சார் கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து தப்பா எண்ணிட்டோம் சார்."

சார் இரண்டு ரெக்கார்டிலும் கையெழுத்துப் போட்டார். எண்ணியது நான் மட்டும்தான் என்று அப்போதும் சொல்லவில்லை, அங்கே படித்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை.