இருபதாம் தேதியின் ஓட்டை

அன்னூரிலிருந்து நாங்கள் போகும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வழியில் பதினேழு நிறுத்தங்கள். அன்று பதினேழிலும் பேருந்து நின்றது. மடியில் கோப்பு. கோப்புக்குள் எழுபத்திரண்டு தாள்கள். நிறுத்தத்துக்கு ஒருமுறை கோப்பின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு வலிப்பு நோய். ஆறு வருடமாக மாதத்துக்கு ஒரு தாள் வீதம் நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதிகள் மேலிருந்து கீழாக. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே காலை மாத்திரை, இரவு மாத்திரை, எத்தனை மணி நேரத் தூக்கம். வலிப்பு வந்த நாளில் தேதிக்கு இடப்பக்கம், ஓரத்தில், கறுப்பு மார்க்கரால் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி. மாதம் முடிந்ததும் கூட்டல் போட்டு, இடப்பக்கம் இரண்டு ஓட்டை குத்தி, கோப்பில் கோத்துவிடுவேன். அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றவன். கோக்காத தாள் எனக்குத் தாளே அல்ல.

டாக்டர் போன தடவை சொல்லியிருந்தார்: "ஒரு வருஷம் முழுசா வராம இருந்தா, ஒரு மாத்திரையைக் குறைச்சுப் பார்க்கலாம்." என் கணக்குப்படி கடைசிப் புள்ளி வைத்துப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. மறுநாள் காலை அவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எல்லாத் தாளையும் ஒரே பி.டி.எஃப். ஆக அன்று நாலு மணிக்குள் அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பக்கங்கள் சுத்தமாக இருக்க வேண்டுமாம். முன்பு ஒருமுறை அனுப்பியதில் கறுப்பு ஓரமும் கறுப்பு வட்டமுமாக எதுவும் படிக்க முடியவில்லையாம்.

மாத்திரை குறைவது அவளுக்கு ஆசை. அந்த மாத்திரை அவளைப் பகலெல்லாம் தூங்க வைத்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுவாள். உடுமலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போக வேண்டும் என்பாள். நான் விடுவதில்லை. "மாத்திரை கொறையட்டும், அப்பறம் உங்களைக் கேக்கவே மாட்டேன், போயிட்டே இருப்பேன்" என்று அன்று காலையிலும் வாசலில் நின்று சொன்னாள்.

ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். தாள்களை அடுக்கித் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் வைத்தார். இரண்டு நிமிடத்தில் எழுபத்திரண்டும் மறுபக்கம் வந்துவிட்டன. நான் எண்ணினேன். எழுபத்திரண்டு.

"தாள் எங்கீங்க போயிரும், ஐயா? மிஷின் தின்னுதுன்னா எனக்கும் அரை வயிறு நெறையுமே" என்றார்.

திரையில் பார்த்தேன். தாளைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை. ஓட்டைகள் இரண்டும் கரிய வட்டங்களாக விழுந்திருந்தன. இந்த மிஷினின் உள்பக்கம் கறுப்பு என்று பாய் விளக்கினார். தாள் இல்லாத இடமெல்லாம் கறுப்பாகப் பதியுமாம். மூடி வெள்ளையாக இருக்கும் இன்னொரு ஸ்கேனரில் ஒவ்வொன்றாக வைத்தால் இவ்வளவு வராது, ஆனால் பொழுது போய்விடும்.

முதலில் சாய்ந்திருந்த பக்கங்களை நேராக்கினார். பிறகு ஓரக் கறுப்பு. அங்கே எனக்கு ஒரு பயம். என் கட்டக் கோடுகளை நான் தாளின் விளிம்பு வரை இழுத்திருப்பேன். அவை கறுப்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றன. பட்டையைத் தின்னும் மென்பொருள் கோட்டின் வழியாக உள்ளே வந்துவிடாதா? கேட்டேன்.

"வருங்க. அதுனாலதான் ஓரத்துல இத்தனை அகலம்னு அளவு கட்டிப்போட்டேன். அதைத் தாண்டாது" என்றார். தாண்டவில்லை. நான்கைந்து பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்தது ஓட்டை. ஒரு பொத்தானை அமுக்கினார். எழுபத்திரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ஓரம் வெண்மையாக, தாள் புதிதாக வாங்கியது போல இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அனுப்பட்டுங்களா?"

"கொஞ்சம் இருங்க. புள்ளியை எண்ணிக்கிறேன்."

"புள்ளியையா! ஏனுங்க ஐயா, ஊட்டுல அரிசியையும் எண்ணித்தான் ஒலையில போடுவீங்களாட்டம் இருக்குது."

என் பாக்கெட் நோட்டில் மாதக் கூட்டல்கள் இருந்தன. மொத்தம் தொண்ணூற்றேழு. திரையில் எண்ணினேன். இருபத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுதான். எழுபத்தைந்து வலிப்புகளைக் காணோம். ஒரு மாதம் முழுக்கப் புள்ளியே இல்லை. அந்த மாதத்தில் மட்டும் ஐந்து தடவை நான் அவள் தலையை மடியில் வைத்திருந்தேன்.

"பாய், புள்ளி போச்சு."

அவர் பழைய பக்கத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத்தில் இருக்கிற, உருண்டையான, இந்த அளவுக்குள் வருகிற கறுப்பை எல்லாம் ஓட்டை என்று எடுத்துக்கொள்ளும்படி அந்த மென்பொருளுக்குச் சொல்லியிருந்தார். என் புள்ளியும் ஓரத்தில்தான். உருண்டைதான். அளவும் ஏறக்குறைய அதேதான். தேதியின் எண்ணையோ கோட்டையோ தொட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு மட்டும் வட்டமாகத் தெரியாததால் பிழைத்திருந்தன.

"அசல் ஸ்கேன் அப்படியே இருக்குதுங்க. அதை எப்பவும் அழிக்க மாட்டேன். பயப்படாதீங்க" என்றார். "ஆனா ஐயா, நீங்களும் ஓட்டை போடற எடத்துலயா புள்ளி வெப்பீங்க?"

"பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் நேராத்தான் ஓட்டை விழும். அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் புள்ளியைத் தேதிக்கு வலப்பக்கம் வெப்பேன். மத்த நாளைக்கு இடப்பக்கம்."

அவர் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்படின்னா வேலை லேசுங்க. உருவத்தைப் பார்த்து அழிக்க வேண்டாம். எடத்தைப் பார்த்து அழிப்போம்."

எல்லாத் தாளிலும் ஒரே பஞ்சிங் மிஷினால், ஒரே தூரத்தில் குத்திய ஓட்டைகள். நேராக்கிய பக்கங்களில் பத்தாம் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் இடப்பக்கம் ஓட்டை அளவுக்கு இரண்டு சிறிய கட்டங்கள் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் வெண்மையாக்கினார். பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். சில பக்கங்களில் தாள் சற்று நகர்ந்திருந்தது. அங்கே கட்டத்தையும் நகர்த்தினார். நான் பக்கத்தில் நின்று நூற்று நாற்பத்து நான்கு வரை எண்ணிக்கொண்டே வந்தேன். மணி மூன்று பத்து.

முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அறுபத்திரண்டாம் பக்கத்தில் நின்றார். "இதென்னங்க, ஓட்டையை அழிச்சும் ஒரு பெற நிக்குது?"

இருபதாம் தேதி. வெண்மையாக்கிய வட்டத்துக்கு வலப்பக்கம் பிறை மாதிரி ஒரு கறுப்பு. கோப்பைப் பிரித்து அசல் தாளை எடுத்தேன். ஓட்டையின் விளிம்பில் பாதி வட்டமாக மார்க்கர் மை. மீதியை நான் குத்தித் தள்ளியிருந்தேன்.

அது பத்து மாதத்துக்கு முந்தைய தாள். எனக்குக் கண்ணில் அறுவை நடந்த மாதம். சர்க்கரை கூடியிருந்ததால் இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களுக்குத் தாளை அவள் எழுதினாள். பத்துக்கும் இருபதுக்கும் புள்ளியை வலப்பக்கம் வைக்க வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. மாதக் கடைசியில் கண்ணில் சொட்டு மருந்தோடு குத்தினேன். பிறகு கூட்டினேன். புள்ளி பூஜ்யம் என்று எழுதினேன்.

மை சிந்தியிருக்கலாம். மார்க்கர் மூடி இல்லாமல் உருண்டிருக்கலாம். போன் போட்டேன்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?" என்றாள்.

"அதிருக்கட்டும். பாய் கடையில தாளோட நிக்கறேன். எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆன மாசம், இருபதாந்தேதி, நீ புள்ளி வெச்சியா?"

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.

"வெச்சனுங்க."

"வந்துச்சா?"

"வெடியால பாத்திரம் வெளக்கற எடத்துல. எந்திரிச்சா நாக்கு கடிபட்டிருந்துது. ரெண்டு நாளைக்குக் காரம் தின்ன முடியல."

"ஏன் சொல்லல?"

"நீங்க கண்ணுல கட்டோட வந்தீங்க. என்னத்தச் சொல்றது? தாள்ல வெக்கச் சொன்னீங்க, வெச்சுப்போட்டேன். நீங்களே பாத்துக்குவீங்கன்னு இருந்தேன். மாசக் கடைசில பாத்தா அதுமேலயே ஓட்டை போட்டுப்போட்டீங்க." மிக்ஸி ஜாரைக் கழற்றும் சத்தம் கேட்டது. "சரி, போவுதுன்னு உட்டுட்டேன்."

உடுமலை பஸ் என் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். போன் சத்தம் வெளியே கேட்கும்படி இருந்ததால் பாயும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அம்புக்குறியைப் பிறையின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு சொடுக்கு போதும். எழுபத்தைந்து புள்ளிகள் போனபோது பதறியவன் நான். இந்த ஒன்றுக்கு ஏன் வாய் திறக்காமல் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மாத்திரை, அவள் தூக்கம், அவள் தங்கை.

"என்ன பண்ணட்டுங்க? அழிக்கறதா, உடறதா?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

போனிலிருந்து அவள்தான் பதில் சொன்னாள். "உட்டுப்போடுங்க, பாய். அழிச்சா நாந்தான உழுவோணும்."

பாய் பிறையைத் தொடவில்லை. அந்த ஒரு ஓட்டையின் கறுப்பையும் அசலில் இருந்து திரும்பக் கொண்டுவந்து வைத்தார், வடு முழுதாகத் தெரியட்டும் என்று. கீழே இரண்டு வரி தட்டச்சு செய்யச் சொன்னேன்: இருபதாம் தேதி வலிப்பு வந்தது, புள்ளியின் மேல் ஓட்டை விழுந்துவிட்டது. எழுபத்திரண்டு பக்கங்களையும் வரிசை பார்த்துச் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்கினார். புள்ளிகளை எண்ணினேன். தொண்ணூற்றெட்டு. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினோம்.

மறுநாள் டாக்டர் அறுபத்திரண்டாம் பக்கத்தில் நிறுத்தி அந்த இரண்டு வரியைப் படித்தார். "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். திரும்பும்போது பதினேழு நிறுத்தமும் கோப்பை அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "தங்கச்சிக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

இப்போதெல்லாம் தாளில் எழுதுவதற்கு முன்பே ஓட்டை குத்திவிடுகிறேன். டாக்டர் சொன்ன இரண்டு மாதத்தின் நாட்களை எண்ணுவது அவள் வேலையாகிவிட்டது. இன்று நாற்பத்தொன்றாம் நாள் என்றாள் காலையில். அவள் பின்கட்டில் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் நான் சமையலறை வாசலில் வந்து நிற்கிறேன். "போயி உக்காருங்க, நா உழுந்தா சத்தம் கேக்கும்" என்கிறாள். சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.