நூறு வாட்

பாலிடெக்னிக்கில் அவருக்குச் சுடுதண்ணி சார் என்று பெயர். வெப்ப இயக்கவியல் பாடத்துக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளை வேறென்ன சொல்வார்கள்? முதல் மாதம் முழுக்கப் போர்டில் ஒரு ஃபார்முலா வராது. பிள்ளைகளை ஒர்க்ஷாப்புக்குக் கூட்டிப்போய், ஓடுகிற டீசல் எஞ்சின் பக்கத்தில் நிறுத்திவைப்பார்.

"ரேடியேட்டர் பக்கம் கைய நீட்டு. அனல் அடிக்குதா? சைலன்சர் பக்கம் போ. ஊத்துன டீசல்ல மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தச் சுத்துது. மிச்சம் இப்படித்தான் போவுது."

"அதையும் பிடிச்சு ஓட்டினா என்ன சார்?"

"கொஞ்சம் பிடிக்கலாம். முழுசாப் பிடிக்க முடியாது. சூட்ட வேலையா மாத்தணும்னா, அதுல ஒரு பங்கக் குளிர்ந்த இடத்துல கொட்டித்தான் ஆகணும். கொட்ட இடமில்லன்னா எஞ்சினே இல்ல."

பிரின்சிபாலுக்கு இது பிடிக்காது. ஃபார்முலா மனப்பாடமாக இல்லாத பையன் பரீட்சையில் என்னத்தைக் கிழிப்பான் என்பார். சார் தலையாட்டிவிட்டு மறுநாளும் கெட்டிலோடு வருவார். பிடிவாதத்தில் கழுதையையும் தோற்கடித்துவிடுவார் மனிதர்.

வீட்டில் அந்தப் பிடிவாதம் செல்லாது. மனைவிக்கு நரம்பு நோய். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் கால் துவண்டுபோகும், கண் மங்கிப்போகும். உடம்பு குளிர்ந்தால் இரண்டும் திரும்பி வரும். மொட்டை மாடிக்குக் கீழே இரண்டு அறை வீடு. அதனால் ஒரு நகரும் ஏசி வாங்கி, அதன் வெப்பக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார்.

அன்று மகள் வருகிறாள். வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தையை முதல் தடவையாகக் கொண்டுவருகிறாள். மதியம் வந்து சாயங்காலமே விமானம் ஏறவேண்டும், மாப்பிள்ளைக்கு விடுப்பு அவ்வளவுதான். குழந்தையின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று மனைவி காலையிலிருந்து அசையாமல் படுத்திருந்தாள். சார் மைத்துனனைக் காவலுக்கு வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை அடுப்படி போல இருந்தது. ஏசி நின்றிருந்தது. குழாய் அறைக்குள் சுருண்டு கிடக்க, ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது.

"வெளிய ஒரே அனல் அத்தான். குளிர் போயிடக் கூடாதுன்னுதான் குழாய உள்ள இழுத்துட்டு ஜன்னல சாத்தினேன். முதல்ல நல்லாத்தான் அடிச்சுது."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அக்கா மேல் உயிரை வைத்திருப்பவன்.

"மச்சான், அது குளிர உண்டுபண்ற மிஷின் இல்லடா. உள்ள இருக்கற சூட்ட வாரி வெளிய கொட்டுற மிஷின். உள்ளயே கொட்டினா வாரினதும் வந்துடும், மோட்டார் தின்ன கரண்டும் சூடா வந்து சேந்துடும்."

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது. புரிந்து என்ன பிரயோஜனம்? சூடேறி நின்றுபோன ஏசி, குழாயை மாட்டிவிட்ட பிறகும் கிளம்பவில்லை. ஐஸ் தீர்ந்தது. ஈரத்துணி போட்டும், புழுங்கிய காற்றில் அது காயவே மறுத்தது. தலைக்கு மேல் தளமும் நாலு சுவரும் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருந்தன.

மகள் வந்தாள். கூடவே மாப்பிள்ளையும் அவன் பெற்றோரும். வரவேற்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மனைவி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"புள்ள வந்தாச்சா? எனக்கு வெறும் புகையாத் தெரியுது."

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க," என்றார் சார். "சும்மா நிக்கிற ஆளே ஒரு நூறு வாட் பல்பு மாதிரி. ரூம் ஆறணும்."

"நான் அவ்ளோ தூரத்துலேருந்து வந்தா, என்னையும் வெளிய போகச் சொல்றீங்களாப்பா?" என்றாள் மகள்.

கடைசியில் அவளும் போனாள். எல்லோரும் ஹாலில் காத்திருந்தார்கள். சுவர் ஆறவில்லை. சூடு தானாகக் குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும், ஆனால் அவசரப்பட்டு ஒருநாளும் போகாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர்தான்.

வண்டி வந்துவிட்டது. மகள் குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் கைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். மனைவி விரலால் நெற்றியைத் தடவினாள், மூக்கைத் தடவினாள், உதட்டில் விரல் நின்றது.

"உங்கப்பா மூக்குதான். கெடுத்துட்டார்," என்றாள். மகள் சிரித்தபடியே அழுதாள். பிறகு போய்விட்டார்கள். மைத்துனன் பெட்டி தூக்கப் போனவன் மேலே ஏறி வரவே இல்லை.

வீடு காலியானது. சார் துணியை நனைத்துப் போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க?"

"வெளியதான். நான் இல்லன்னா கொஞ்சம் சீக்கிரம் ஆறும். கண்ணு வந்துடும்."

"வந்து யாரப் பாக்கப்போறேன்? இப்படி உக்காருங்க. ஒரு பல்புதானே, எரியட்டும்."

அவர் உட்கார்ந்தார்.