பதினான்காவது சால்வை

மைக் பிடித்தால் என் கை வேர்க்கும். இருபது வருடமாக வகுப்பில் பேசுகிறவன், கவிதை என்று எதையெதையோ எழுதி மேடைகளில் வாசித்தவன், ஆனாலும் வேர்க்கும். அன்று இரண்டு கையும் வேர்த்தன. ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பதினான்கு ஜோடிகளின் பட்டியல். என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு கடிதம்.

ஆரணியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலைத்திறன் பாடம் எடுக்கிறேன். எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் இரண்டு வருடப் படிப்பு. முதலாம் ஆண்டில் சேர்கிறவர்களில் சிலர் தீபாவளிக்குள் காணாமல் போய்விடுவார்கள். பாடம் புரியாமல் போகிறவர்கள் குறைவு. சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல் போகிறவர்களே அதிகம். ஆகவே இரண்டாம் ஆண்டில் பதினான்கு பேரை வழிகாட்டிகளாகவும், முதலாம் ஆண்டில் விருப்பம் சொன்ன பதினான்கு பேரை அவர்களுக்கு இணைகளாகவும் சேர்க்கும் ஒரு திட்டம் போட்டேன். வழிகாட்டிகளுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி கொடுத்தோம். எல்லோரிடமும் படிவம் வாங்கினோம். என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எந்த பஸ். மூன்றாவது கேள்விதான் ஜோடி சேர்ப்பதற்குப் பெரிதும் உதவியது. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் பேசாமல் இருக்க முடியாது.

சேவூர் பஸ்ஸில் வருகிற ஒருவருக்கு வயது நாற்பத்தொன்று. முதலாம் ஆண்டு எலக்ட்ரீஷியன். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து சேர்ந்தவர். பல வருடம் ரைஸ் மில்லில் நெல் காயவைத்தவர். ஏன் இந்தப் படிப்பு என்று முதல் நாள் கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மோட்டார் நின்னா மில்லே நின்னுடுது சார். ஓனரே வாசல்ல வந்து நின்னுகினு இருப்பாரு. கரண்டுக்காரரு டீ குடிச்சிட்டு நிதானமா வருவாரு. ஒரு நாளாவது அந்த ஆளா நான் இருக்கணும்னு தோணிச்சி."

அவருடைய வகுப்பில் பையன்கள் அவரை 'ஆயா' என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் பாட்டியைக் கூப்பிடும் சொல். முதலில் பின்வரிசையிலிருந்து, பிறகு நேராகவே. வருகைப் பதிவின்போது அவர் பெயர் வந்தால் ஒரு சிரிப்பு ஓடும். என் சட்டைப் பையிலிருந்த கடிதம் அவர் எழுதியது. படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள். இரண்டே வரி. திட்டத்தைச் சொல்லி, பத்து நாள் பொறுங்கள் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மேடைக்கு மட்டும் கூப்புடாதீங்க சார். கூப்டீங்கன்னா அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவேன்."

"மேடையே கிடையாதும்மா. உக்காந்த இடத்துல எழுந்து நின்னா போதும்."

வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அது என் கையில்தான் இருந்தது.

அறிமுக விழா மதியம் இரண்டு மணிக்கு. ஒன்றரை மணிக்கு ஹாலுக்குள் போனால், மேடை மேல் ஒரு மேசை, மேசை மேல் மஞ்சளும் ஊதாவுமாகச் சரிகைக்கரை போட்ட சால்வைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பட்டு நெய்யும் ஊரில் பாலியஸ்டர் சால்வை. பின்னால் ஃபிளெக்ஸ். 'வழிகாட்டிகள் மற்றும் பயனாளிகள் அறிமுக விழா.' நலத்திட்ட உதவி விழாக்களுக்கு அடித்துப் பழகிய கடைக்காரர், நான் எழுதிக்கொடுத்த 'இணைகள்' என்பதை எடுத்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிட்டார். அந்த மாதிரி விழாக்களில் தையல் மிஷின் கொடுப்பார்கள், வாங்குகிறவர் கேமராவைப் பார்த்து நிற்பார். அந்த விழாவின் நிழல் எங்கள் மேல் வந்து விழுந்திருந்தது.

முதல்வர் மேடம் உற்சாகமாக இருந்தார். நல்ல மனுஷி. எதையும் சிறப்பாகச் செய்ய நினைப்பவர், அதுதான் தொந்தரவு.

"ஜோடி ஜோடியா மேடைக்குக் கூப்பிடுங்க சார். சீனியருக்கு நான் சால்வை போடறேன். ஜூனியர் பக்கத்துல நிக்கட்டும். ஒரு போட்டோ."

"மேடம், உக்காந்த இடத்துலயே எழுந்து நிக்கறதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். சில பேரு மேடைக்கு வர சங்கடப்படுவாங்க."

"என்ன சார் சங்கடம்? அறக்கட்டளைலேர்ந்து வந்து முன்னால உக்காந்திருக்காங்க. எழுந்து நின்னா யார் கண்ணுக்குத் தெரியும்?"

ஹால் நிறைந்துகொண்டிருந்தது. நான் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருக்கலாம். பேசவில்லை. என் வாழ்க்கையில் பல இடங்களில் இந்த இரண்டு வாக்கியம் குறைந்திருக்கிறது.

கடிதம் எழுதியவர் எங்கே என்று தேடினேன். கடைசி வரிசை, கதவோரம். மடியில் பை. பையின் வார் தோளிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

முதல்வர் தொடக்கவுரை ஆற்றினார். "பின்தங்கிய பிள்ளைகளை நல்லாப் படிக்கிற பிள்ளைகள் தத்தெடுக்கிற திட்டம் இது" என்றார். கைதட்டல். முதலாம் ஆண்டுக்காரர்களின் முதுகுகள் ஒரு விரற்கடை குனிந்ததைப் பார்த்தேன். பிறகு மைக் என்னிடம் வந்தது.

நான் தயாரித்து வைத்திருந்தது வேறு. அதை மடித்துவிட்டுப் பேசினேன். யாரையும் யாரும் தத்தெடுக்கவில்லை என்றேன். இது மதிப்பெண் பார்த்துப் போட்ட பட்டியல் அல்ல, விருப்பம் சொன்னவர்களின் பட்டியல். வழிகாட்டி டியூஷன் வாத்தியார் இல்லை, வேவு பார்க்கிறவரும் இல்லை. போன வருடம் இதே வழியில் நடந்தவர், குழி எங்கே என்று தெரிந்தவர், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு அரைமணி, புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு. பேசியது இருவருக்குள் இருக்கும். யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் என்னிடம் வர வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் யாரும் ஜோடியை மாற்றிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம்.

"காதல் மாதிரியா சார்?" என்று ஃபிட்டர் வரிசையிலிருந்து ஒரு குரல். ஹாலே சிரித்தது.

"அதுல காரணம் கேப்பாங்கடா" என்றேன். இன்னும் சிரித்தார்கள். என் கை மட்டும் சிரிக்கவில்லை.

பட்டியலை அகர வரிசையில் வாசிக்க வேண்டும். நான் பஸ் வரிசையில் கூப்பிட்டேன். சேவூர் கடைசியில் வரும், அதற்குள் ஏதாவது தோன்றும் என்ற நம்பிக்கை. வேலூர் ரோடு, போளூர் ரோடு, செய்யாறு ரோடு. ஒவ்வொரு ஜோடியும் மேடையேறியது. யார் எந்தத் தொழிற்பிரிவு, இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொன்னேன். இருவரும் வாலிபால், இருவருக்கும் டிராயிங் வராது, இருவரும் ஒரே பஸ் படியில் தொங்குகிறவர்கள். முதல்வர் சால்வை போட்டார். போட்டோ. கைதட்டல். சால்வை அடுக்கு குறைந்துகொண்டே போனது, எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பதின்மூன்று முடிந்தது. மேசையில் ஒரு சால்வை.

கடைசி ஜோடியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது, நன்றி என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்றாவது வரிசையில் சேவூர்க்காரரின் வழிகாட்டி ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டாள். பத்தொன்பது வயசுப் பெண், இரண்டாம் ஆண்டு எலக்ட்ரீஷியன், தன் படிவத்தில் 'முதல் மாசம் முழுக்க பாத்ரூமில் அழுதேன்' என்று எழுதியவள். விடுபட்டது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியும். கைதட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஹாலும் பார்த்தது.

இருவர் பெயரையும் சொன்னேன்.

கடைசி வரிசையில் அவர் எழுந்தார். பையோடு எழுந்தார். கதவு அவருக்கு நாலடி. மேடை நாற்பதடி. போய்விடுவார் என்றே நினைத்தேன், போய்விட்டால் நல்லது என்றும் ஒரு நொடி நினைத்தேன். அந்தப் பெண் நடைவழியில் பின்னோக்கி நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இருவரும் மேடையை நோக்கி வந்தார்கள்.

"ஆயா டோய்" என்று எங்கோ ஒரு கிசுகிசுப்பு.

மேடையேறியதும் முதல்வர் மலர்ந்த முகத்தோடு பதினான்காவது சால்வையை விரித்து, அந்தப் பெண்ணைத் தாண்டிக் கையை நீட்டி, அவர் தோளில் போர்த்திவிட்டார்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு பேர் நின்றால் மூத்தவருக்குத்தான் சால்வை போகும். கை தானாகவே அங்கே போகும். முன்வரிசையில் இருந்தவர்கள் தட்டினார்கள். விருந்தினர்கள் கண்ணுக்கு அவர்தான் வழிகாட்டி, அது நியாயமாகத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. கிசுகிசுத்தவனுக்கும் குழப்பம்.

மைக் என் கையில். ஒரு வார்த்தை சொன்னால் தவறு திருந்தும், ஆனால் அவர் தோளிலிருந்து அதை உரிக்க வேண்டும், ஹால் சிரிக்கும். சொல்லாவிட்டால் அவர் போட்டோ எடுத்துக்கொண்டு மரியாதையாக இறங்கிப் போய்விடலாம், அந்தப் பெண் வெறுந்தோளோடு போவாள். நான் பேசாமல் நின்றேன். கருணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் அது.

போட்டோகிராபர் "இப்படிப் பாருங்கம்மா" என்றார்.

அவர் பார்க்கவில்லை. சால்வையை எடுத்தார். அவசரமில்லாமல், நெல் காயப்போட்ட கோணியை உதறுகிறவர்போல ஒரு உதறு உதறி, பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளில் போட்டார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு என்னிடம் கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்தேன்.

"மேடம், இவங்கதான் எனக்குச் சொல்லித் தரப் போறவங்க. நான் ஃபஸ்ட் இயரு."

பிறகு வந்தது, நான் பத்து நாளாகப் பயந்த அந்தச் சிரிப்பு. பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வரை. முதல்வர் மேடம் "ஐயோ சாரிம்மா, சாரி" என்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு நிற்கவில்லை. அவர் அது முடியும் வரை நின்று கேட்டார். மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"சிரிச்சி முடிச்சிட்டீங்களா? சரி. எனக்குக் கரண்டுன்னா பயம் இல்ல. கேள்வி கேக்கத்தான் பயம். நீங்க சிரிப்பீங்கன்னு. அதான் இப்ப சிரிச்சிட்டீங்களே." மைக்கை என்னிடம் நீட்டினார். மறுபடி இழுத்துக்கொண்டார். "என் பேரு ஆயா இல்ல. சார் இப்ப சொன்னாரே, அதான்."

சிலர் தட்டினார்கள். எல்லோரும் அல்ல. எலக்ட்ரீஷியன் பையன்கள் வரிசையில் இருவர் தட்டினார்கள், ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் எதுவும் நடந்ததாக எழுத எனக்கு உரிமையில்லை.

விழா முடிந்து ஹாலில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். நான் எழுந்தேன்.

"மேடை கிடையாதுன்னு சொன்னேன். காப்பாத்தல. மன்னிச்சிடுங்கம்மா."

"அதை வுடுங்க சார்." வாசலில் கால் வைத்தபடி நின்றார். பையின் வாரை இறுகப் பிடித்திருந்தார். "ஒரு மாசம் கழிச்சி மாத்திக்கலாம், காரணம் சொல்ல வேணாம்னு சொன்னீங்களே. அது அந்தப் பொண்ணுக்கும் உண்டா?"

"உண்டும்மா. ரெண்டு பேருக்கும்."

"அது என்னை வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

யோசித்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். ஒரு மாசம் பாக்கறேன். அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு தெரிஞ்சிக்கினு கிழிக்கலாம்."

வெளியே அந்தப் பெண் சால்வையை மடித்துப் பையில் திணித்தபடி, "ஜல்தி வாங்க, பஸ்ஸு போயிடும்" என்று கத்தினாள். அவர் ஓடினார். கடிதத்தை மறுபடி நான்காக மடித்தேன். அடுத்த புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.