அந்தோனியாரின் பேணியும் அடைக்கலநாதனின் கணக்கும்

அடைக்கலநாதனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு மூக்கு சிவக்கும். வாய்க்கு மட்டும் அது வந்து சேராது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு ஏற்றுமதிக் கந்தோரில் அவர் கணக்கெழுதுகிறவர். பெரிய கிளாக்கர் எந்தப் பிழைக்கு ஏசினாலும், பிழை யாருடையது என்று கேளாமல் "ஓம் சேர்" என்பார். ஏச்செல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குருநகருக்கு வந்து, ஒழுங்கைத் திருப்பத்தில் மணியை நசுக்கி நசுக்கி அடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டே மனைவி மார்கிரட் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்திலை வைப்பாள். மணி நீண்டு அடித்தால் சீனி ஒரு கரண்டி கூட.

நாட்டுக்கு வருமான வரி வந்த புதிதில் கடைக்காரர் எல்லாரும் பேயறைந்தமாதிரித் திரிந்தார்கள். அந்த வரி தொடங்குகிற வருமானம் அவர்களில் பலரின் தலைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதைச் சொன்னால் தங்கள் கடையைச் சின்னக்கடை என்கிறான் என்று கோபிப்பார்கள். இந்தப் பயத்தில்தான் அடைக்கலநாதனுக்குப் பின்னேரத் தொழில் ஒன்று பிறந்தது. கந்தோரில் அனுமதி கேட்டார். கந்தோர் மையையும் பேனையையும் வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் சரி என்று பெரிய கிளாக்கர் பெரிய மனது பண்ணினார்.

தொழில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைக்கு ஒரு நாட்குறிப்புக் கொப்பி: அன்றைக்கு வந்த காசு ஒரு பக்கம், போன காசு மறுபக்கம். கடனுக்கு வேறொரு கொப்பி, ஆளுக்கு ஒரு தாள். சாமான் வாங்கிய துண்டெல்லாம் ஒரு கம்பியில் குத்தியிருக்க வேண்டும். சனிக்கிழமைப் பின்னேரம் இவர் வந்து இரண்டு பக்கத்தையும் கூட்டி, கடை மேசையின் இழுப்பு லாச்சியில் கிடக்கிற காசோடு பொருத்திப் பார்ப்பார். மாசக் கடைசியில் கடையில் மிஞ்சிக் கிடக்கிற சாமானை எண்ணி விலை போடுவார். முதலில் இருந்ததோடு வாங்கியதைக் கூட்டி, மிஞ்சியதைக் கழித்தால், விற்றுப்போன சாமானின் கொள்விலை வரும். அதற்கு மேலே கடைக்காரர் வழக்கமாக வைக்கிற ஆதாயத்தைப் போட்டால், விற்பனை இவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று தெரியும். காசாயும் கடனாயும் எழுதியது அந்த அளவுக்குக் கிட்டவாவது வரவேண்டும்.

இதைவிடக் கடினமான வேலை, கடைக்காரருக்கு அவருடைய சட்டைப் பையும் கடை லாச்சியும் வேறு வேறு என்று விளங்கப்படுத்துவது. வீட்டுக்குக் கொண்டுபோகிற அரிசியையும் எழுதச் சொல்வார். என்ரை கடையில் நான் எடுக்கிறதுக்கு என்னத்தைக் கணக்கு என்று அவர்கள் முறைப்பார்கள். அடைக்கலநாதனின் காது சிவக்கும். பிறகு ஒருமாதிரி எழுதுவார்கள்.

இன்னாசித்தம்பியின் பலசரக்குக் கடை கடற்கரை வீதியில் இருந்தது. மனிசன் நல்ல பக்திமான். கடைக்குள்ளே சுவரில் அந்தோனியார் படம், அதன்கீழ் ஆணியில் தொங்கும் ஒரு தகரப் பேணி. ஆனி மாசத் திருநாளில் அந்தப் பேணிக் காசில் கோயிலுக்கு விளக்கு, வாணம், மேளம் எல்லாம் இன்னாசித்தம்பியின் பேரில் நடக்கும். அடைக்கலநாதனும் சனிக்கிழமை கடைக்குள் ஏறும்போது அந்தப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டுத்தான் கணக்குக்குக் குந்துவார்.

கடையில் நிறுத்துக் கொடுக்கிறவள் அருமைநாயகி. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, பல வருசமாக அந்தத் தராசோடு நிற்கிறாள். நன்றாக விடிந்தபிறகு வருவாள், இருட்டுப்படப் போவாள். இடுப்பில் ஒரு பனையோலைக் கொட்டப்பெட்டி. அதற்குள் வெற்றிலை.

முதல் மாசக் கணக்கிலேயே காசு குறைந்தது. இரண்டாம் மாசமும் அதேபோலக் குறைந்தது. சாமான் போயிருக்கிறது, காசு வரவில்லை, கடன் கொப்பியிலும் இல்லை. கொஞ்சநஞ்சம் இல்லை, பல மூடை அரிசியின் காசு. அடைக்கலநாதன் வீட்டுக்குப் போன அரிசியைக் கேட்டார், எலி தின்றதைக் கேட்டார், நிறுவையைச் சோதித்தார். எல்லாம் சரி. அப்படியே நிறுத்தியிருந்தால் பிழையில்லை. கந்தோரில் ஒருநாளும் பேசாத மனிசனுக்கு இங்கே ஒருவர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற மிதப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உள்ளுக்கை ஆரின்ரையோ கை போகுதுபோலை கிடக்கு, அண்ணை."

இன்னாசித்தம்பிக்கு அது போதும். அன்றிரவே அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, கள்ளரைக் காட்டித்தாரும் என்று முழங்காலில் நின்றாராம். தொலைந்ததைக் காட்டித் தருகிற புனிதர் அல்லவா? புனிதர் ஒன்றும் காட்டவில்லை. ஆனபடியால் இன்னாசித்தம்பி தானே தெரிவுசெய்தார்.

திங்கட்கிழமை காலை, வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிமாரும் வலைகாரரும் கடை வாசலில் நிற்க, அருமைநாயகி படியேறினாள். இன்னாசித்தம்பி அவளுடைய கொட்டப்பெட்டியைப் பறித்து மேசையில் கவிழ்த்தார். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு செபமாலை. அவ்வளவுதான் விழுந்தது. ஒன்றும் விழாததையே அவர் சாட்சியாக்கினார்: கெட்டிக்காரக் கள்ளி, எல்லாத்தையும் வீட்டில் சேர்த்துப்போட்டாள். அந்த மாசச் சம்பளமும் இல்லை என்று சொல்லித் துரத்தினார். அவள் செபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். வெற்றிலையையும் பெட்டியையும் அவருக்கே விட்டுவிட்டாள்.

விசயம் அடைக்கலநாதனின் காதுக்கு வந்தபோது காது சிவக்கவில்லை, வெளிறியது. மனம் கேட்காமல் சமாதானம் தேடினார்: அவள் எடுத்திருந்தால் இந்த மாசம் குறையாதே, பார்ப்போம்.

மாசக் கடைசியில் எண்ணினார். அருமைநாயகி இல்லாத கடையில், அவள் இருந்தபோது எவ்வளவு குறைந்ததோ ஏறத்தாழ அவ்வளவே குறைந்தது.

அன்று சைக்கிள் மணி அடிக்கவில்லை. மார்கிரட் வாசலுக்கே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டபிறகு அவள் ஒன்றுதான் சொன்னாள்: "நீங்கள் கூட்டினது சரியாயிருக்கும். கதைச்சதுதான் பிழை."

காசு போகிற வழியைக் கண்ணால் பார்க்க, அடுத்தநாள் விடியற்புறமே அவர் கடைக்குப் போனார். வாசலில் சைக்கிளைச் சாத்தும்போது நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டி சாமான் எடுத்துக்கொண்டு நின்றார். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய், சுருட்டு, பாண், சீனி, கோப்பி, ஒரு சுருள் கயிறு. ஒரு குடும்பம் பல நாள் சாப்பிடுகிற அளவு. முதல் வியாபாரத்தில் கடன் சொல்லக் கூடாது என்பது அந்த வீதியின் கட்டு. சம்மாட்டி முழுவதையும் ரொக்கமாக எண்ணி வைத்தார். இன்னாசித்தம்பி காசைக் கண்ணில் ஒற்றி, லாச்சிப் பக்கம் திரும்பியும் பாராமல், அப்படியே அந்தோனியாரின் பேணிக்குள் போட்டார்.

அடைக்கலநாதன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வேறு ஊர்க் கடையென்றால் முதல் வியாபாரம் ஒரு சதத்து வெற்றிலையாய் இருக்கும். இங்கே முதலில் வருவது வள்ளம். நாளுக்கு ஒரு வள்ளத்துச் சாமான் கடையைவிட்டுப் போகிறது, காசு லாச்சியைக் காணாமல் புனிதரிடம் போகிறது, கொப்பியில் ஒரு எழுத்தும் இல்லை. சனிக்கிழமைதோறும் அந்தப் பேணிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டவர் இவர்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். இன்னாசித்தம்பிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நாளாந்தம் முதல் வியாபாரம் நேர்த்தி, அது தன்ரை காசே இல்லை, அந்தோனியாற்றை காசு, அதை எப்படிக் கடைக்கணக்கில் எழுதுவது என்று உண்மையாகவே கேட்டார். கணக்கு விளங்கியபிறகு, சரி, அவளை வரச்சொல்லும், பழையபடி நிற்கட்டும் என்றார். ஒரு மூடையை இறக்கி மறுபடி ஏற்றுகிறவர்போல.

அருமைநாயகியின் வீட்டுக்கு அடைக்கலநாதன் நடந்தே போனார். அவள் படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்று முழுவதையும் கேட்டாள்.

"நீர்தானே தம்பி, கை போகுது எண்டு சொன்னனீர்?"

"ஓம் அக்கா."

"என்ரை பெட்டியைச் சனத்துக்கு முன்னாலை கவிட்டவங்கள். உம்மடை கணக்கை இஞ்சை படலையடியிலை வந்து சொல்லுறீர். எனக்கு இதைச் சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும் நான் எடுக்கேல்லை எண்டு."

அவருக்குக் காது, மூக்கு, கழுத்து எல்லாம் சிவந்தது. இந்தமுறை அந்தக் கோபத்தை எங்கேயும் ஏற்றிக்கொண்டு போக வழியில்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.

திங்கட்கிழமை விடிய, வாசலில் சம்மாட்டிமார் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்து, அடைக்கலநாதன் கடைப்படியில் ஏறினார். அவர் சொல்லியனுப்பியபடி அருமைநாயகி வந்து வீதியின் மறுகரையில் நின்றாள். நீக்கிலாப்பிள்ளைச் சம்மாட்டி காசை நீட்ட, இன்னாசித்தம்பியின் கை வழக்கம்போலப் பேணிக்குப் போனது. கந்தோரில் எத்தனையோ வருசமாக விழுங்கியது எல்லாம் அப்போது வெளியே வந்தது.

"நில்லும் அண்ணை. அந்தக் காசை முதல் லாச்சிக்கை போடும். கொப்பியிலை வியாபாரம் எண்டு எழுதும். பிறகு எடுத்து, உம்மடை பேரிலை எழுதிப்போட்டு, அந்தோனியாருக்குக் குடும். மூண்டு மாசமாய்க் குறைஞ்ச காசு இந்தப் பேணிக்கைதான் கிடக்கு. அருமைநாயகியக்கா ஒரு சதமும் எடுக்கேல்லை. கை போகுது எண்டு சொன்னது நான். போனது உம்மடை கை."

புனிதரைக் கள்ளர் என்கிறானே என்று இன்னாசித்தம்பி சனத்தைப் பார்த்தார். சனம் பேணியைப் பார்த்தது. நீக்கிலாப்பிள்ளை மெல்ல, போன திருநாளில் வாணம் விட்டது எங்கடை சுருட்டுக் காசிலையோ என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு, கணக்கு செய்யாததைச் செய்தது. இன்னாசித்தம்பி நிறுத்திவைத்த சம்பளத்தை லாச்சியைத் திறந்து எடுத்து, படியில் இறங்கி வந்து கொடுக்க வேண்டியிருந்தது. கூடவே அந்தக் கொட்டப்பெட்டியையும்.

அருமைநாயகி வாங்கினாள். வேலைக்கு வா என்று அவர் கூப்பிட்டது காதில் விழாதவள்போல, நேரே எதிர்க்கடைக்குப் போனாள். அங்கே லூர்த்தம்மா தராசுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

இன்னாசித்தம்பி அடைக்கலநாதனை நிற்பாட்டவில்லை. ஊர்ச்சிரிப்புக்குப் பயந்து வைத்துக்கொண்டார். காசு இப்போது லாச்சி வழியாகப் பேணிக்குப் போகிறது. மாசக் கடைசியில் தன் பேருக்குக் கீழே அந்தத் தொகையைப் பார்த்த மனிசனுக்கு வேர்த்தது. அடுத்த திருநாளில் மேளம் இருந்தது, வாணம் இல்லை.

அதற்குப் பிறகு அடைக்கலநாதன் எந்தப் புதுக்கடைக்குப் போனாலும் கொப்பியைத் திறக்குமுன், முதல் வியாபாரத்துக் காசு எங்கே போகிறது என்று கேட்பார். உண்டியல், முடிச்சு, பேணி எல்லாவற்றையும் மேசையில் வைக்கச் சொல்வார். கணக்குக் குறைந்தால் குறையுது என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

லூர்த்தம்மாவின் கணக்கும் அவரிடந்தான். சனிக்கிழமைகளில் அங்கே குந்தும்போது, எதிரே வாசல் நிலையில் ஓர் ஆணி தெரியும். அருமைநாயகி காலையில் வந்ததும் தன் கொட்டப்பெட்டியை வாய் திறந்தபடி அந்த ஆணியில் மாட்டிவிடுவாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் உள்ளே பார்க்கலாம். வேண்டாம் என்று லூர்த்தம்மா எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள்.

அடைக்கலநாதன் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பெட்டி கண்ணில் படும். மனதில் கூட்டியது அழிந்துபோக, காது சிவக்க, திரும்ப மேலேயிருந்து தொடங்குவார்.