அசையாத சிப்பாய்கள்

என் மாமனார் முப்பது வருடமாகச் செஸ் கிளப்பின் செயலாளர். "ராஜா முன்னாடி நிக்கிற சிப்பாயை நகர்த்துறவன் முட்டாள்" என்பது அவர் வேதவாக்கு. வீட்டிலும் அவர் சொல்லாமல் யாரும் அசையக்கூடாது. நான் ஆட்டம் கற்றது, அவருக்கு டீ கொண்டுபோய் நின்ற நேரங்களில்தான்.

கிளப்பின் இந்த வருட இறுதிப் போட்டியில் அவருக்கு எதிரே நான். அவருடைய ராஜா மூலையில் இருந்தது, முன்னால் இரண்டு சிப்பாய்கள். ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் என் ராணியை வைத்து செக் சொன்னேன். என் குதிரை காவல் இருந்ததால் ராஜாவால் வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும்.

"ராணியையே தூக்கிக் குடுத்துட்டியேம்மா!" என்று சிரித்துக்கொண்டே வெட்டினார். இப்போது ராஜாவைச் சுற்றி அவருடைய ஆட்களே அடைத்து நின்றார்கள். என் குதிரை தாவி செக் வைத்தது. ராஜாவுக்கு நகர இடமில்லை, குதிரையை வெட்ட ஆளுமில்லை.

பலகையிலிருந்து நிமிர்ந்தார். பிறகு என் கணவரிடம், "இனிமே இவளை இங்க கூட்டிட்டு வராதடா" என்றார்.

என் நாற்காலியை ஒட்டி நின்றிருந்த கணவர் சொன்னார், "சரிப்பா."